பெரியப்பாவின் துண்டில் இருந்த 38

வைத்தியசாலையில் துண்டு வெட்டி அனுப்பும்போது கையில் தரும் கடிதத்தைப் பெரும்பாலானவர்கள் பத்திரமாகப் பொலித்தீன் பையில் போட்டு வைப்பார்கள். வாசிப்பவர்கள் குறைவு. ஆங்கிலத்தில், அதுவும் பாதிக்குப் பாதி சுருக்கெழுத்தில் இருப்பதை எப்படி வாசிப்பது? பொல்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்ட லயத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் கடிதமும் அப்படித்தான் மூன்று நாள் சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. நான் போய் எடுத்துப் பார்த்தபோதுதான் அதிலுள்ள இரண்டு வரிகள் எவ்வளவு முக்கியமானவை என்று விளங்கியது.

முதலாவது வரி, மண்ணீரல் அகற்றப்பட்டவர், 2009. இரண்டாவது, பத்து நாட்களுக்குக் காலையும் மாலையும் உடல் வெப்பநிலை பார்க்கவும். 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ, 36 க்குக் கீழோ இருந்தால், அல்லது நடுக்கம் வந்தால், உடனே அழைத்துவிட்டு வரவும்.

பெரியப்பாவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. 2009 இல் ஷெல் துண்டு வயிற்றிலும் தொடையிலும் பட்டு, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். இம்முறை தொடையில் எஞ்சியிருந்த சன்னத்தைச் சுற்றிச் சீழ் கட்டியதால் கீறி எடுத்திருந்தார்கள். காயம் சிறியது. ஆனால் அவருக்கு மண்ணீரல் இல்லை. அதனால்தான் கடிதத்தில் அந்த 38.

மண்ணீரல் இரத்தத்தில் ஓடும் சில வகைக் கிருமிகளை வடித்துப் பிடிக்கும் உறுப்பு. நியூமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் அவற்றில் முக்கியமானது. ஷெல் காயத்தில் மண்ணீரல் கிழிந்தால் இரத்தப்போக்கு நிற்காது. உயிரைக் காப்பாற்ற அதை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு ஆள் சாதாரணமாக வாழலாம், கொழுந்துகூட எடுக்கலாம். ஆனால் இந்தக் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால் தடுக்க ஆளில்லை. காலையில் சின்னக் காய்ச்சலாகத் தொடங்கியது ஒரு நாள், இரண்டு நாளுக்குள் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் இந்த ஆபத்து அதிகம். ஆனாலும் அது ஆயுள் முழுவதும் முற்றாக நீங்குவதில்லை. மற்றவர்கள் "விடிய பார்க்கலாம்" என்று படுக்கும் காய்ச்சலுக்கு இவர்கள் படுக்கக் கூடாது.

வீட்டில் முதல் சிக்கல் தேர்மோமீட்டரிலேயே வந்தது. பெரியம்மா பார்மசியில் வாங்கியது பரனைட் அளவில் காட்டும் டிஜிட்டல். "இதுல முப்பத்தெட்டே வராதேய்யா, எப்பவும் தொண்ணூத்தெட்டுதான்" என்றார். அவர் சொன்னது சரிதான். திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் F என்று இருந்தால் கடிதத்திலுள்ள 38 என்பது 100.4. அந்த 36 என்பது 96.8. இந்த இரண்டு எண்ணையும் கொப்பி ஒற்றையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடிதத்திலுள்ள வேறெதையும் மறந்தாலும் பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன்.

அடுத்தது, எங்கே வைத்துப் பார்ப்பது. பெரியம்மா கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் வாயைவிட ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ், பரனைட்டில் ஒரு பாகையளவு, குறைவாகக் காட்டும். நனைந்து குளிர்ந்து வந்தவருக்கு இன்னும் குறையும். அதைக் கூட்டிக் கணக்குப் பார்த்து எழுத வேண்டாம், அது ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்கு வாயில் வைப்பது நல்லது: நாக்குக்கு மேலே அல்ல, அடியில், சற்றுப் பின்னால், வாயை மூடிக்கொண்டு, சத்தம் வரும் வரைக்கும். பாதரசக் குழாய் என்றால் முதலில் 95 பரனைட்டுக்குக் கீழே உதறி இறக்கி, மூன்று நிமிடம் வைக்க வேண்டும். கக்கத்தில்தான் பார்க்க முடியும் என்றால், எண்ணுக்குப் பக்கத்தில் "கக்கம்" என்று எழுதிவிட்டால் போதும், 99.5 வந்தாலே திரும்ப வாயில் பார்க்க வேண்டும்.

சாயத்தண்ணி குடித்தால் இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இதுதான் பெரிய கஷ்டம். விடிய எழும்பியதும் முதல் வேலை அடுப்படியில் குந்தி அந்தக் கோப்பைதானே. அதனால் தேர்மோமீட்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, எழும்பும் முன்பே பார்க்கச் சொன்னேன். மாலை எண் காலையைவிட அரைப் பாகையளவு கூடியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது பரசிட்டமோல். காயம் வலிக்கிறது என்று இரண்டு குளிசை போட்டால், நாலு மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் காய்ச்சலை இறக்கி வைக்கும். உள்ளே கிருமி ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் 99 காட்டும். அதனால் குளிசை போடும் முன் பார்க்க வேண்டும். கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் கடைசிக் குளிசை போட்ட நேரத்தையும் எழுத வேண்டும்.

ஆறாம் நாள் மாலை இதுதான் நடந்தது. ஆறு மணிக்கு 100.2. மூன்று மணிக்கு இரண்டு பரசிட்டமோல் போட்டிருந்தார். கம்பளியை இழுத்துப் போர்த்தும் பல் கிட்டியது. "இன்னும் நூறு தாண்டி நாலு வரல்லையே, காலையில பார்ப்போம் அப்பா" என்றான் மகன். எண்ணை மட்டும் பார்த்தால் அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் குளிசையின் பலம் இருக்கும்போதே 100.2 என்றால் குளிசை இல்லாமல் அது எங்கே நிற்கும்? தவிர, நடுக்கம் என்று கடிதத்தில் தனியாகவே எழுதியிருந்தது. நடுக்கத்துக்கு எண் தேவையில்லை.

கடிதத்தில் இருந்த வார்டு இலக்கத்துக்கு எடுத்தேன். பேசும் வரிசையை முன்பே யோசித்து வைத்திருந்தது உதவியது. காய்ச்சலை முதலில் சொன்னால் "குளிசை கொடுத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிடக் கூடும். "மண்ணீரல் எடுத்தவர், ஆறு நாளைக்கு முன் உங்களிடமிருந்து வந்தவர், இப்போது நடுங்குகிறார், வாயில் 100.2, மூன்று மணிக்குப் பரசிட்டமோல்" என்றேன். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். 1990 இலவச அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, லயத்திலிருந்து பாதைக்கு இரண்டு பேர் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். அம்புலன்ஸ் லயத்து வாசலுக்கு வராது. எந்தச் சந்தியில் நிற்பது என்பதைப் பகலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். சில நோயாளிகளுக்கு இப்படியான வேளையில் போடவென்று அன்டிபயோட்டிக் முன்கூட்டியே தந்திருப்பார்கள். இருந்தால் முதல் வேளையைப் போட்டுக்கொண்டே போக வேண்டும், போட்டுவிட்டு வீட்டில் இருப்பதற்கல்ல.

வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது 102.6. இரத்தம் எடுத்துவிட்டு உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

திரும்பி வந்த பிறகு அதே லயத்தில் இன்னும் இரண்டு பேர் என்னிடம் வந்து வயிற்றுத் தழும்பைக் காட்டினார்கள். இருவரும் வன்னியில் காயப்பட்டவர்கள். உள்ளே எதை எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. காகிதங்கள் எல்லாம் ஓடும்போது போய்விட்டன. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாகத் தழும்பு இருந்தால் மட்டும் மண்ணீரல் போய்விட்டது என்று அர்த்தமில்லை, குடலுக்காகவும் அப்படித்தான் திறப்பார்கள். வயிற்று ஸ்கானில் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். இல்லை என்றால் நியூமோகொக்கஸ் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஒருவருக்கு அடுத்த மாதக் கிளினிக்கில் கேட்கச் சொல்லித் துண்டில் எழுதிக் கொடுத்தேன். மற்றவர் சுவரில் ஒட்டியிருந்த 100.4 ஐத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.