டைமர் மூலம் எல்.இ.டி. ஒளியை மட்டுப்படுத்துதல்

எல்.இ.டி.யின் வெளிச்சத்தைக் குறைக்க அதில் பாயும் மின்னோட்டத்தின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதை ஏற்றி அணைத்து, ஏற்றி வைக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும். துடிப்பின் அகலத்தை மாற்றும் இந்த முறை பி.டபிள்யூ.எம். எனப்படும். நிரல் வரிகளால் ஏற்றி அணைத்தால் செயலிக்கு வேறு வேலை பார்க்க நேரமிருக்காது. அதனால் மைக்ரோகண்ட்ரோலர்களில் இதற்கென்றே டைமர் எனும் தனி வன்பொருள் உண்டு. ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால், செயலி இலேசான உறக்கத்தில் இருக்கும்போதும் நிரல் வேறெங்கோ ஓடும்போதும் அது தன் போக்கில் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

அர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லு இதைக் கற்க நல்ல களம். அதில் மூன்று டைமர்கள் உள்ளன. 0, 2 ஆகிய இரண்டும் 8 பிட். 1 என்ற டைமர் மட்டும் 16 பிட். டைமர் 0-வை அர்டுயினோவின் `millis()` செயற்கூறு பயன்படுத்துவதால் அதில் கைவைத்தால் நேரக் கணக்கு குலையும். விளக்கை மட்டுப்படுத்த டைமர் 1 ஏற்றது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் கண்ணின் இயல்பில் இருக்கிறது. அது கணக்கு முடிந்த பின் தெரியவரும்.

டைமர் அடிப்படையில் ஓர் எண்ணி. கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடி, உச்ச எண்ணைத் தொட்டதும் சுழிக்குத் திரும்பும். வேகப் பி.டபிள்யூ.எம். எனும் முறையில், எண்ணி சுழிக்கு வரும்போது முனை உயர்நிலைக்குப் போகிறது. ஒப்பீட்டு மதிப்பை எட்டியதும் தாழ்நிலைக்கு இறங்குகிறது. உச்ச எண் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது, ஒப்பீட்டு மதிப்பு வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணிக்குப் போகும் கடிகாரத்தை 1, 8, 64, 256, 1024 ஆகியவற்றில் ஒன்றால் வகுத்து மெதுவாக்கும் பகுதிதான் ப்ரீஸ்கேலர். சூத்திரம் இது:

```
f = F_CPU / (N * (1 + TOP))
```

`N` ப்ரீஸ்கேலர், `TOP` உச்ச எண். சுழியிலிருந்து எண்ணுவதால்தான் அந்த ஒன்று கூடுகிறது.

விளக்கு நொடிக்கு 1000 முறை துடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மினுக்கம் பலருக்குத் தெரியும்; சில நூறு ஹெர்ட்ஸிலும், விளக்கையோ கண்ணையோ வேகமாக அசைத்தால் ஒளி துண்டு துண்டாகப் பிரியும். 1000 ஹெர்ட்ஸ் சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதுமானது. ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். 1,60,00,000-ஐ 1000-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 16,000 கடிகாரத் துடிப்புகள். 16 பிட் எண்ணியில் 65,536 வரை இடமிருப்பதால் ப்ரீஸ்கேலர் 1 போதும். உச்ச எண் 15,999.

இதையே 8 பிட் டைமரில் செய்தால் 16,000-ஐ 256-க்குள் அடக்க வேண்டும். 62.5-க்குக் குறையாத ப்ரீஸ்கேலர் தேவை, அதற்கு அடுத்துக் கிடைப்பது 64. ஒரு சுற்றுக்கு 250 எண்ணிக்கைதான் மிஞ்சும். அதிர்வெண் அதேதான், ஆனால் வெளிச்சப் படிகள் 16,000-லிருந்து 250-ஆகச் சுருங்கிவிட்டன. ஆகவே சுற்று எண்ணிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிய ப்ரீஸ்கேலரையே எடுக்க வேண்டும். 200 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 80,000 துடிப்புகள். 16 பிட்டுக்குள் அடங்காது. அப்போது ப்ரீஸ்கேலர் 8 ஆகும், உச்ச எண் 9,999 ஆகும்.

இனி ஒப்பீட்டு மதிப்பு. முனை உயர்ந்திருக்கும் நேரம் ஒப்பீட்டு மதிப்பைவிட ஒரு துடிப்பு கூடுதல். கால்வாசி நேரம் எரிய 4,000 துடிப்புகள் வேண்டும். பதிவகத்தில் எழுத வேண்டியது 3,999. பாதி வெளிச்சத்துக்கு 7,999 என்று எழுதத் தோன்றும். எழுதிப் பார்த்தால் விளக்கு பாதியைவிட நன்றாகவே கூடுதல் வெளிச்சத்தில் இருப்பதாகவே கண் சொல்லும். மங்கிய ஒளியில் சிறு மாற்றத்தையும் கண் உடனே உணர்கிறது. பிரகாசத்தில் பெரிய மாற்றத்தையும் கண்டுகொள்வதில்லை. இதை ஈடுகட்ட, விரும்பும் வெளிச்சத்தைப் பின்னமாக எழுதி 2.2 அடுக்குக்கு உயர்த்துவது வழக்கம். 0.5-ஐ அவ்வாறு உயர்த்தினால் 0.2176 வரும். 16,000-ஆல் பெருக்கினால் 3,482 துடிப்புகள், ஒப்பீட்டு மதிப்பு 3,481.

16 பிட்டின் அருமை அடிமட்டத்தில்தான் புலப்படும். கண்ணுக்கு 10 சதவீத வெளிச்சமாகத் தெரிய 16,000-இல் 101 துடிப்புகள் தேவை. 5 சதவீதத்துக்கு 22. 2 சதவீதத்துக்கு 3. 250 படி கொண்ட டைமரில் 10 சதவீதத்துக்கே ஒன்றரைப் படிதான் கிடைக்கும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. மெல்ல மங்கி அணைய வேண்டிய விளக்கு, கடைசியில் திடுக்கென்று தாவி அணைவது இதனால்தான்.

டைமர் 1-இல் உச்ச எண்ணை `ICR1` பதிவகத்தில் வைக்கும் வேகப் பி.டபிள்யூ.எம். முறையின் எண் 14. வெளியீடு `PB1` முனையில், அதாவது பலகையின் 9-ஆம் முனையில் வரும். அங்கிருந்து 330 ஓம் மின்தடை வழியாகச் சிவப்பு எல்.இ.டி.யை இணைத்தால் ஏறத்தாழ 9 மில்லிஆம்பியர் பாயும்.

```c
DDRB  |= (1 << PB1);
TCCR1A = (1 << COM1A1) | (1 << WGM11);
TCCR1B = (1 << WGM13) | (1 << WGM12);
TCNT1  = 0;
ICR1   = 15999;
OCR1A  = 3481;
TCCR1B |= (1 << CS10);
```

இந்த வரிசை முக்கியமானது. முறையைக் குறிக்கும் பிட்டுகளை அமைத்த பிறகே `ICR1`-இல் எழுத வேண்டும் என்று சில்லின் தரவுத்தாள் விதிக்கிறது. கடிகாரம் கடைசி வரியில்தான் இணைகிறது. இதற்குப் பின் வெளிச்சத்தை மாற்ற `OCR1A`-வை மட்டும் மாற்றினால் போதும். புதிய மதிப்பு உடனே பாயாமல் அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வரும் என்பதால் அரைகுறைத் துடிப்பு தோன்றாது. `ICR1`-க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓட்டத்தின் நடுவே அதைக் குறைத்து, எண்ணி ஏற்கெனவே அந்த எண்ணைத் தாண்டியிருந்தால், 65,535 வரை ஓடிய பிறகே திரும்பும். விளக்கில் அது ஒரு கண நேர வெட்டாகத் தெரியும்.

முழுதாக அணைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பீட்டு மதிப்பு 0 என்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துடிப்பு நேரம் முனை உயர்ந்தே தீரும். மேலே கண்ட அமைப்பில் அது 62.5 நானோநொடி, கவலையில்லை. ப்ரீஸ்கேலர் 64, உச்ச எண் 249 என்ற 8 பிட் அமைப்பில் அதுவே 4 மைக்ரோநொடி, சுற்றில் 0.4 சதவீதம். இருட்டறையில் விளக்கு அணையாமல் கனன்றுகொண்டிருப்பது நன்றாகத் தெரியும். முனையை டைமரிலிருந்து பிரித்துவிடுவதே இதற்குத் தீர்வு:

```c
PORTB  &= ~(1 << PB1);
TCCR1A &= ~(1 << COM1A1);
```

சரிபார்க்க மல்டிமீட்டர் போதும். நேர்மின்னழுத்த அளவில் வைத்து முனையைத் தொட்டால் அது சராசரியைக் காட்டும். 5 வோல்ட்டில் 21.76 சதவீதம் என்றால் சுமார் 1.09 வோல்ட். ஆனால் சராசரி சரியாக இருந்தும் விளக்கு மினுக்கினால் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். கடையில் வாங்கிய புதுச் சில்லைத் தனியாகப் பொருத்தினால், தொழிற்சாலை அமைப்பின்படி அதன் உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடி, அதுவும் 8-ஆல் வகுபட்டு 1 மெகாஹெர்ட்ஸாகவே இருக்கும். அதே 15,999 அப்போது 62.5 ஹெர்ட்ஸ்தான் தரும். விகிதம் மாறாததால் வோல்ட் அளவு எதையும் காட்டிக்கொடுக்காது. மீட்டரின் ஹெர்ட்ஸ் அளவு 1000-க்குப் பதில் 62 எனக் காட்டும். சில்லின் ஃப்யூஸ் பிட்டுகளை மாற்றலாம். மாற்ற விரும்பாதவர் 1 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய உச்ச எண்ணான 999-ஐ எழுதலாம். ஆனால் படிகள் 1000 ஆகக் குறைந்துவிடுவதால் ஒப்பீட்டு மதிப்புகளை எல்லாம் மீண்டும் கணக்கிட்டாக வேண்டும். பாதி வெளிச்சத்துக்கு 218 துடிப்புகள், எழுத வேண்டியது 217.