வட்டி வீதமா, சிறு நிலுவையா? தலைமன்னார் மீனவக் குடும்பத்தின் கடனடைப்பு வரிசை குறித்து

பல கடன்களைச் சுமக்கும் குடும்பம் கையில் மிஞ்சும் பணத்தை எந்தக் கடனில் முதலில் போடவேண்டும் என்பதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. கூடிய வட்டியுள்ள கடனை முதலில் அடை என்பது ஒன்று. மிகச் சிறிய நிலுவையை முதலில் முடி என்பது மற்றது. முன்னதைக் கணக்கு ஆதரிக்கிறது, பின்னதை மனித மனம் ஆதரிக்கிறது என்றே பொதுவாகப் பேசப்படுகிறது. தலைமன்னார் போன்ற ஒரு மீன்பிடிக் கரையில் இந்தப் பிரிப்பு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்குள்ள சில கடன்களில், கணக்கும் 'முழுதாக முடி' என்றே சொல்கிறது.

இரு விடைகளும் வளர்ந்த இடம் அமெரிக்கக் கடன் அட்டை உலகம். 2011இல் அமர், ஏரியலி முதலானோர் நடத்திய பரிசோதனைகளில், பங்கேற்றோர் வட்டி அதிகமுள்ள பெரிய கடனை விட்டுவிட்டுச் சிறு கடன்களை மூடுவதிலேயே நாட்டம் காட்டினர்; அதனால் அவர்களின் மொத்தக் கடன் கூடியது. மறுபுறம், 2012இல் கால், மக்ஷேன் இருவரும் கடன் தீர்வு நிறுவனம் ஒன்றின் ஏறக்குறைய 6,000 வாடிக்கையாளர்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். தம் கணக்குகளில் அதிக பங்கை மூடியிருந்தவர்களுக்கே முழுக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டனர். இரண்டு ஆய்வுகளுக்கும் அடியில் ஒரே அனுமானம் கிடக்கிறது: கடனின் செலவு நிலுவையின் அளவோடு சேர்ந்து குறையும். நிலுவை பாதியானால் வட்டியும் பாதியாகும்.

தலைமன்னாரில் இந்த அனுமானம் இரண்டு இடங்களில் உடைகிறது.

முதலாவது, பெண்கள் குழுவாக எடுக்கும் நுண்கடன். 60,000 ரூபாய் பெற்று, கிழமைக்கு 1,500 வீதம் 52 கிழமை கட்டும் ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 78,000. வட்டி 30 வீதம் என்று சொல்லித் தருவார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் திரும்பிக்கொண்டிருப்பதால், கையில் இருக்கும் பணத்துக்கு உண்மையில் விழும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 54 வீதம். வட்டி வீதத்தைப் பார்த்து வரிசை போடுபவர் இதை முன்னே தள்ளுவார். ஆனால் 18,000 வட்டி தொடக்கத்திலேயே மொத்தத்தில் சேர்க்கப்பட்டு, முன்கூட்டிக் கட்டினாலும் கழிவு இல்லை என்ற நிபந்தனை இருந்தால், இன்று கூடுதலாகக் கட்டும் ரூபாய் எந்தச் செலவையும் நிறுத்தாது. அப்படியான கடனில் தவணையைத் தவறாமல் கட்டுவது மட்டுமே வேலை. தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்டவேண்டி வருவதால் தவணையை விடவும் முடியாது. 2018இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்குத் தள்ளுபடி அறிவித்ததும், மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு விதித்ததும் இந்தச் சுமையின் கனத்துக்குச் சான்று. ஆயினும் உச்சவரம்பு வீதத்தைத்தான் தொடுகிறது. முன்கூட்டிக் கட்டினால் கழிவு உண்டா என்பதைக் கடன் பத்திரத்தில்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, மீன் முதலாளியிடம் வாங்கும் முற்பணம். படகு, வெளியிணைப்பு இயந்திரம், வலை என்று ஏதோ ஒன்றுக்காக அது வாங்கப்படுகிறது; இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் செல்லும் பாக்கு நீரிணையில் வலைச் செலவு அடிக்கடி வருவது. இந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. பதிலாக, பிடித்த மீன் முழுவதையும் அவருக்கே, சந்தை விலைக்குக் கீழே கொடுக்கவேண்டும். வட்டி இல்லாததால், வீதத்தைப் பார்ப்பவர் இதைக் கடைசியில் வைப்பார். அதில்தான் பெரும் பிழை இருக்கிறது.

விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை. ஒரு குடும்பத்துக்கு மூன்று கடன்கள்: வட்டிக்காரரிடம் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு 100,000, முதலாளியிடம் முற்பணம் 80,000, வங்கியில் நகை அடகு 40,000, ஆண்டுக்கு 18 வீதம். மாதம் 300 கிலோ மீன், கிலோவுக்கு 20 ரூபாய் விலைக்குறைவு. ஆக முற்பணம் மாதம் 6,000 ரூபாயைத் தின்கிறது. 80,000க்கு அது மாதம் ஏழரை வீதம்; ஐந்து வட்டியையும் மிஞ்சியது. முக்கியமானது இதுதான்: முற்பணத்தில் 50,000ஐத் திருப்பிக் கொடுத்தாலும் விலைக்குறைவு அப்படியே நிற்கும். கடைசி ரூபாய் போனபின்தான் மீனவர் தன் மீனைத் தான் விரும்பியவருக்கு விற்கலாம்.

விலை இழப்பும் வட்டியும் உட்பட மாதம் 30,000 ரூபாய் கடனுக்கென ஒதுக்கினால், சொல்லப்பட்ட வட்டியின் வரிசைப்படி (வட்டிக்காரர், அடகு, முதலாளி) பத்து மாதத்தில் முடிகிறது. முதல் நீங்கலாகச் செலவு சுமார் 79,100. சிறு நிலுவை வரிசைப்படி (அடகு, முதலாளி, வட்டிக்காரர்) பதினொரு மாதம், சுமார் 87,600. முதலாளியை முதலில் முடித்து, பின் வட்டிக்காரர், கடைசியில் அடகு என்றால் பத்து மாதம், சுமார் 70,600. இரண்டு பொது விதிகளும் இங்கே தோற்கின்றன. 18 வீத அடகை மூன்று மாதம் அடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் 6,000மும் வட்டிக்காரரின் 5,000மும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருந்ததே சிறு நிலுவை வரிசையின் தோல்விக்குக் காரணம். ஆனால் அதே வரிசையின் 'முழுதாக முடி' என்ற உள்ளுணர்வு முற்பணத்துக்குப் பொருந்துகிறது. அங்கே கணக்கை மூடுவது மன ஆறுதல் மட்டுமல்ல, மாதம் 6,000 ரூபாய்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: இந்தக் கடனில் போடும் பணம் மாதம் எவ்வளவு செலவை நிறுத்துகிறது? வட்டிக்காரரிடம் ஒவ்வொரு ஆயிரமும் உடனே 50 ரூபாயை நிறுத்தும். முற்பணத்தில் எண்பதாயிரமும் சேர்ந்தால்தான் 6,000 நிற்கும். முற்பணம் 200,000ஆக இருந்து விலை இழப்பு அதே 6,000ஆக இருந்திருந்தால், அது மாதம் மூன்று வீதமே. அப்போது வட்டிக்காரரே முதலில்.

இந்த முடிவுக்குக் கடலிடமிருந்து ஒரு எல்லை உண்டு. வாடையோ சோளகமோ தொழிலை நிறுத்தும் மாதங்களில் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் விலைக்குறைவும் இல்லை. வட்டிக்காரரின் வட்டி மட்டும் ஓடும். நம் குடும்பம் முதலாளியின் கடனை ஐந்தாம் மாதம் முடித்த கையோடு மூன்று மாதம் கடல் ஓய்ந்தால், வட்டிக்காரரிடம் இன்னும் 88,000 நிலுவை. மூன்று மாத வட்டி 13,200. எங்கிருந்தாவது அதைக் கட்டவேண்டும். வட்டிக்காரரை முதலில் அடைத்தவருக்கு அதே நாளில் அவரிடம் பாக்கியே இல்லை. முதலாளியை முன்வைத்ததால் கிடைத்த 8,500 நன்மை கரைந்து, ஏறத்தாழ 4,700 ரூபாய் நட்டமாகிறது. இடைவெளி ஏழாம் மாதத்துக்குப் பின் வந்தால் நன்மை ஓரளவாவது தப்புகிறது.

முதலாளியை முடிப்பதில் பணத்தில் அளக்கமுடியாத ஒன்றும் இருக்கிறது. இயந்திரம் நடுக்கடலில் பழுதானால், மறுநாளே கேள்வியின்றிப் பணம் தருபவர் அவர்தான். கடனை முடித்த குடும்பம் அந்தக் கதவை மூடுகிறது. அதனால், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ சேமிப்பிலோ ஒரு இயந்திரப் பழுதுக்கான தொகை இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த வரிசையைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். அந்தத் தொகை இல்லாதவர் இரண்டு மாதத்தில் அதே முதலாளியிடம் திரும்புவார். கிலோவுக்கு 20 ரூபாய் மறுபடியும் தொடங்கும்.