சிங்கன் பேச்சை மாற்றும் இடம்: குற்றாலக் குறவஞ்சியின் இறுதி உரையாடல்

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, சிங்கனும் சிங்கியும் மீண்டும் சந்தித்துப் பேசும் வினாவிடைப் பாட்டோடு முடிவை நெருங்குகிறது. இப்பாட்டை நகைகளைப் பற்றிய விடுகதை வரிசையாகவே பலரும் பாராட்டுகிறார்கள். ஆனால் அதன் நடுவே சிங்கன் முன்னறிவிப்பின்றிப் பேச்சை மாற்றுகிறான். அவன் வெளிப்படையாக மாறுவதற்கு முன்பே சிங்கி அதைக் கண்டுகொள்கிறாள் என்பதே என் வாதம்.

முதலில் சிங்கன், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கிறான். குறி சொல்லப் போனதாக அவள் சொல்கிறாள். அடுத்து அவள் மேனியில் கிடக்கும் புதுப் பொருள்களைப் பற்றிக் கேட்க வேண்டும். அதற்குமுன், ஏதோ அதிசயமாகத் தெரிகிறது, சொல்லப் பயமாயிருக்கிறது என்கிறான். அஞ்சாமல் சொல் என்று அவள் இடம் கொடுத்த பிறகே கேள்விகள் தொடங்குகின்றன. இந்த முதல் மாற்றம் அனுமதி பெற்று நடக்கிறது.

அதன்பின் ஒரு விதி நிலைபெறுகிறது. அவன் ஓர் உயிரையோ செடியையோ சொல்வான். அவள் அது இன்ன அணி, இன்ன ஊரார் தந்தது என்பாள். காலைக் கடித்துக் கிடக்கும் விரியன் சேலத்து நாட்டில் பெற்ற சிலம்பாகிறது. இடையைச் சுற்றிய சாரைப்பாம்பு பொன் அரைஞாணாகிறது. இங்கே பாம்பு என்றால் நகை.

இரண்டாம் மாற்றத்துக்கு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. நகையை மேனி தாங்குமா என்கிறான். கொடியிடை தாங்குமா என்று நகர்கிறான். சந்தமும், அடிதோறும் விளிக்கும் சிங்கி, சிங்கா என்ற அழைப்பும் அப்படியே இருக்கின்றன. ஓசையை மட்டும் கேட்பவருக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் சிங்கியின் விடையில் ஊர்ப்பெயர் நின்றுவிடுகிறது. சுரைக்காய் அதன் கொடிக்குப் பாரமாகுமா என்று எதிர்க்கேள்வி போடுகிறாள்.

அடுத்துச் சிங்கன் பெட்டிப் பாம்பைப் பிடித்தாட்ட வேண்டாமா என்கிறான். பாம்பு திரும்ப வந்துவிட்டது. பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் இன்னோர் ஊரையும் இன்னோர் அணியையும் சொல்லியிருக்க வேண்டும். அவளோ இது வெட்டவெளி என்கிறாள். முத்தம் கேட்டால் பட்டப்பகல் என்கிறாள். சேலையைத் தொட நினைத்தால் நாலுபேர் இருக்கிறார்கள் என்கிறாள். எப்போதோ எங்கோ பெற்ற பொருளின் வரலாறு போய், இப்போது நிற்கும் இடமும் நேரமுமே விடைகளில் வருகின்றன. கேள்விகளும் 'ஏது, ஏன்' என்ற விசாரணையை விட்டு, செய்யட்டுமா என்ற வேண்டுதலாகிவிட்டன. மாற்றத்துக்கு உறுதியான அடையாளம் இந்த வினைவடிவமே. பாம்பு என்ற சொல் இரு பக்கமும் வருவதால் அதை நம்ப முடியாது.

முன்பேச்சு முழுவதும் காலாவதியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெடுநாள் பிரிவு, கணவன் மனைவி உரிமை, வாய்ச்சண்டையின் பாங்கு எல்லாம் கடைசிவரை தொடர்கின்றன. நகை விடுகதையின் விதி ஒன்றைத்தான் சிங்கி கைவிடுகிறாள். எல்லாவற்றையும் கைவிட்டிருந்தால் அவள் மறுப்புகள் வெறும் கோபமாக ஒலித்திருக்கும். அவை ஊடலாகவே கேட்பதால்தான், உன்னை வெல்ல முடியாதடி என்று சிங்கன் ஒப்புக்கொள்ளும்போதும் இருவர் நெருக்கமும் குறையவில்லை.