சேமலாபமும் கப்பல் பயணமும்

தமிழ்நாட்டில் 'வருங்கால வைப்பு நிதி' என்று நாம் வழங்குவதை இலங்கைத் தமிழர் 'ஊழியர் சேமலாப நிதி' என்பர். சேமமும் லாபமும் இணைந்த அச்சொல், முதுமையின் பாதுகாப்பையும் வட்டியின் பெருக்கத்தையும் ஒருசேரக் குறிப்பது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளாக உழைத்த மக்களில் பெரும்பகுதியினர், அந்த நிதியை முதுமையில் அன்று, நாட்டைவிட்டு நீங்கிய நாளில் பெற்றுக்கொண்டனர். அப்படிப் பெற்றதால் நேர்ந்தது என்ன என்பதை இங்கே பார்க்கலாம்.

தோட்டத் தொழிலாளிக்கும் பணத்துக்குமான உறவு கடனில் தொடங்கியது. கங்காணி கொடுத்த முன்பணத்தோடுதான் அவன் கப்பலேறினான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, கடன் தீர்ந்ததற்கோ தீர்க்கப்படுவதற்கோ சான்றான 'துண்டு' வேண்டியிருந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி அமைந்தபோதுதான், தோட்டத் தொழிலாளியின் பெயருக்கு எதிரே கடனுக்கு மாறாகச் சேமிப்பு என்ற ஒன்று சட்டப்படி எழுதப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் அப்போது நூற்றுக்கு 4 பங்கு பிடிக்கப்பட்டது. தோட்ட நிர்வாகம் தன் பங்காக 6 சேர்த்தது. பணத்தைக் காப்பது மத்திய வங்கி. கணக்கை நிர்வகித்து உரிமையை முடிவு செய்வது தொழில் ஆணையாளர்.

இந்தச் சேமிப்பு கட்டாயமானது. நினைத்தபோது எடுக்க இயலாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் எடுக்கச் சட்டம் சில வாயில்களை மட்டுமே திறந்துவைத்தது. நிரந்தரமாக உழைக்க இயலாமற் போவது ஒன்று. பெண் திருமணத்தின் காரணமாக வேலையை விடுவது மற்றொன்று. திரும்பி வரும் எண்ணமின்றி நாட்டைவிட்டு நீங்குவது இன்னொன்று. கடைசி விதியில் புதுமை ஏதுமில்லை. உலகின் பல சேமலாபச் சட்டங்களில் அது உண்டு. எங்கிருந்தோ வந்து சில காலம் வேலை செய்து ஊர் திரும்புகிறவரை எண்ணி எழுதப்படும் விதி அது. இலங்கையில் அந்த வாயில் வழியே வெளியேற நேர்ந்தவர்களோ, பெரும்பாலும் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்று விடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் இது நிறைவேற வேண்டும். எண்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; அதே ஒப்பந்தம் பணத்தைப் பற்றிச் சொன்னதை அதிகம் பேசுவதில்லை. புறப்படுகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகள் அனைத்தையும் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு எடுத்துச் செல்லலாம் என்றது அது. ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய உச்சவரம்பு எக்காலத்திலும் 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் உறுதி கூறியது.

நான்காயிரம் என்ற வரம்பு எத்தனை பேரைத் தடுத்திருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 60 ரூபாய் ஈட்டும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 2.40, தோட்டத்தின் பங்கு 3.60, ஆக மாதம் 6 ரூபாய், ஆண்டுக்கு 72. பத்தாண்டில் வட்டி நீங்கலாக 720. கொழுந்து பறிக்கும் மனைவிக்கு அக்காலத்தில் ஆணைவிடக் குறைந்த கூலி. அவருக்கு மாதம் 50 என்று வைத்தால் பத்தாண்டில் 600. இருவருக்குமாக 1,320. வட்டியைச் சேர்த்தாலும் வரம்பை நெருங்காது. வரம்பு என்பது மேல்மட்ட ஊழியர்க்கும் சிறுவணிகர்க்கும் கவலையாக இருந்திருக்கலாம். லயத்து மனிதர்க்கோ வரம்பு உயரத்தில் இருந்தது. கையில் இருந்ததுதான் குறைவு. 1969இல் அந்த 1,320ஐ இந்திய நாணயமாக்கினால், அலுவல்முறை மாற்று விகிதப்படி ஏறத்தாழ 1,660 ரூபாய்.

அதையும் கையில் வாங்கக் காகிதங்கள் பல ஒத்துப்போக வேண்டியிருந்தது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம், பின்பு கடவுச்சீட்டு, தோட்டத்திலிருந்து விலகல், தொழில் திணைக்களத்தில் கோரிக்கை, செலாவணி அனுமதி என்று ஒவ்வொன்றும் ஒரு படி. இவை அனைத்தையும் கோக்கும் நூல் ஒரு பெயர். நம் மக்களின் பெயரோ ஒற்றைப் பெயர். அதைச் செக்ரோலில் ஆங்கிலத்தில் எழுதியவர் ஒருவர், கடவுச்சீட்டில் எழுதியவர் மற்றொருவர். 'முத்துசாமி'யை எத்தனை விதமாக எழுதலாம் என்பதை எழுதிப் பார்த்தால் இடர் விளங்கும். பெயர் பிறழ்ந்தால் பற்றிக்கொள்ள உறுப்பினர் எண் ஒன்றே மிஞ்சும். அந்த எண்ணோ தோட்டத்தோடு பிணைந்தது. தோட்டம் மாறியவருக்கு எண்ணும் மாறும். பழைய எண்ணைக் குறித்து வைக்காதவர் அந்த ஆண்டுகளையே இழக்க நேரும். சம்பளத்தில் பிடித்ததைத் தோட்டம் உரியபடி செலுத்தியதா என்பதும், வேலை செய்த மாதங்களைக் கணக்கிலுள்ள தொகையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். எழுத்தறியாதவர் எப்படி ஒப்பிடுவார்? புறப்படும் தேதி குறித்த பிறகு வழக்காட யாருக்கும் அவகாசமில்லை.

இவற்றைக் கடந்து தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தவர் கையில் ஒரு தொகை இருந்தது. ஆனால் ஒப்பந்தம் சேமலாபத்தை ஒரு 'சொத்தாக' மட்டுமே கண்டது. பெட்டி படுக்கையைப் போல அதுவும் எடுத்துச் செல்லும் பொருள். இலங்கை நிதியின் கணக்கை இந்திய நிதிக்கு மாற்றவோ, அங்கே உழைத்த ஆண்டுகளை இங்கே சேவைக்காலமாக எண்ணவோ அதில் வழியில்லை. தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோர்க்காக நீலகிரியில் 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் நாற்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், கொழுந்து பறிப்பதில் கால் நூற்றாண்டுப் பழக்கமுள்ளவர். ஆனால் வைப்பு நிதிக் கணக்கில் முதல் நாள் தொழிலாளி. பணம் கடலைத் தாண்டியது, ஆண்டுகள் தாண்டவில்லை.

ஐம்பத்தைந்து வயதுக்கென்று பூட்டி வைத்த பணம் முப்பதிலும் நாற்பதிலும் கைக்கு வந்தபோது, அது முதுமைக்கு உரியதாக நிற்கவில்லை. குடியிருக்க ஓர் இடம், தெரியாத ஊரில் முதல் சில மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்கே அது ஆனது. அரசின் தொழிற்கடன் வேறு இருந்தது. வணிகமே அறியாதவர்க்கு வணிகக் கடன். முதுமைக்காகச் சேர்ந்தது வழிச்செலவாக முடிய, கடனில் தொடங்கிய குடும்ப வரலாறு மீண்டும் கடனுக்கே திரும்பியது.

1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அதற்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்திருந்தனர். கடவுச்சீட்டு பெற்றும் புறப்பட முடியாது தங்கிவிட்டோரும் பல்லாயிரவர். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் அவர்களையும் குடிமக்களாக ஏற்கச் சட்டமியற்றியது. 'திரும்பி வரும் எண்ணமின்றி' என்று சட்டம் எழுதிய மூன்று சொற்களை இம்மக்களின் வரலாற்றோடு வைத்துப் படிக்கையில், எண்ணம் யாருடையது என்ற கேள்வி எழாமல் இராது.