மூதாதையர் தொகையும் உலக ஜனத்தொகையும்

ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், அவர்களைப் பெற்றவர் எண்மர் என்று தலைமுறைதோறும் இரட்டித்துச் செல்லும் கணக்கு, பத்தாம் தலைமுறையில் 1,024 என்னும் அடக்கமான தொகையாகவே இருப்பினும், 33ஆம் தலைமுறையில் 858 கோடியைத் தாண்டி, இன்று பூமியில் வாழும் மக்கள் அனைவரையும் விஞ்சிவிடுகிறது. ஆயினும் முன்னோரை அவர்கள் வாழ்ந்த காலத்து மக்களோடன்றோ ஒப்பிட வேண்டும்? தலைமுறைக்கு 28 ஆண்டு என்று கொண்டால், 29ஆம் தலைமுறை கி.பி. 1200ஐ ஒட்டி அமையும். அக்காலத்து உலக ஜனத்தொகை சுமார் நாற்பது கோடி என்று சரித்திர மதிப்பீடுகள் கூற, நம் கணக்கோ ஒரே மனிதருக்கு 53 கோடிக்கு மேற்பட்ட முன்னோரைக் கேட்கிறது. அதற்கு முந்திய படியில் 26 கோடியே கேட்டதாதலின், முரண்பாடு தோன்றும் எல்லை 33 அன்று, 29 என்பதே என் துணிபு. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொள்ளினும் இவ்வெல்லை நகர்வதில்லை; அந்நூற்றாண்டுகளில் ஜனத்தொகை அத்துணை மெதுவாகவே மாறிற்று.

பிழை பெருக்கலில் இல்லை. அது எண்ணுவது ஸ்தானங்களை, மனிதர்களை அன்று. ஒருவரே பல ஸ்தானங்களில் அமரக்கூடும் என்பதற்கு, 1857இல் பிறந்த ஸ்பெயின் மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபான்ஸோவின் வம்சாவளி தெளிவான சான்று. அவர் தாய் இரண்டாம் இஸபெல்லாவும் தந்தை பிரான்சிஸ்கோவும் சகோதரர் இருவருடைய மக்கள்; அவ்விருவரும் மணந்த பெண்களோ உடன்பிறந்த சகோதரிகள். (நம் உறவுமுறைப்படி பிரான்சிஸ்கோவும் இஸபெல்லாவும் அண்ணன் தங்கையே ஆவர், மாமன் மகளை மணக்க இசையும் தமிழ்க் குடும்பங்கள் இதனைக் கேட்டால் திடுக்கிடும்.) எனவே மூன்றாம் தலைமுறையில் எண்மர் இருக்கவேண்டிய இடத்தில் நால்வரே உளர். அந்நால்வருள் ஒருத்தியான மரியா இஸபெல்லா, மற்றிருவராகிய நான்காம் சார்லஸுக்கும் மரியா லூயிஸாவுக்கும் பிறந்தவள். ஆதலால் அத்தம்பதியர் மூன்றாம் தலைமுறையிலும் நான்காம் தலைமுறையிலும் ஒருங்கே தோன்றுகின்றனர்.

அரச குலத்தில் மூன்றே தலைமுறையில் நேர்ந்த இச்சுருக்கம், ஏனையோர்க்கு, தாம் உறவினர் என்பதையே அறியாத தூரத்து உறவினர் மணந்துகொள்வதால், பல தலைமுறைகளில் மெல்ல நேர்கிறது. இதனைக் கணிதமுறையில் ஆராய்ந்த ஜோசப் சாங், யாரும் யாரோடும் கலக்கக்கூடிய சமுதாயம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, போதிய தலைமுறைகள் பின்சென்றால், அக்காலத்தவருள் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் இன்றுள்ள அனைவர்க்கும் பொது முன்னோராக, எஞ்சியோர் சந்ததியற்றுப் போனவராக இருப்பர் என்று 1999இல் நிறுவினார். பத்து லட்சம் பேர் கொண்ட சமுதாயத்தில் இந்நிலை எய்தச் சுமார் 35 தலைமுறை போதும். கடலும் மலையும் குலக்கட்டுப்பாடும் மணவுறவைத் தடுக்கும் மெய்யுலகில் அது இன்னும் பின்னே தள்ளிப்போகும். எனினும் சில தலைமுறைக்கு ஒருமுறை நிகழும் ஒரு கலப்பு மணமே, ஒரு புறத்து முன்னோர் அனைவரையும் மறுபுறத்து வம்சாவளியில் ஒருசேரப் புகுத்திவிடுமாதலின், அத்தடைகள் தாமதப்படுத்துமேயன்றி விலக்கிவிடா.