பத்து ஷில்லிங் கூலி

விலை இறங்கினால் உற்பத்தியும் ஏன் இறங்குது? குறுங்கால நிரம்பல் வளையி மேல்நோக்கிப் போவதற்குச் சொல்லப்படும் இரண்டு காரணங்களை 1925 பிரித்தானியாவில் வைத்துப் பார்ப்போம்.

அந்த ஏப்ரலில் சேர்ச்சில் பவுணைப் போருக்கு முந்தைய 4.86 டொலருக்கே ஏற்றினார். இது ஏறக்குறைய 10 சதவீதம் அதிகம் எண்டு கெயின்ஸ் அப்பவே எழுதினார். வெளிநாட்டில் விற்க, நிலக்கரியின் பவுண் விலையைக் குறைக்க வேண்டி வந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு. தொன் 20 ஷில்லிங். கடைசியாகச் சேர்ந்த தொழிலாளியால் நாளுக்கு அரைத் தொன் கூடுது, அதாவது 10 ஷில்லிங். கூலியும் 10. விலை 18 ஆனால் அவரால் வருவது 9 தான். ஒப்பந்தக் கூலியோ அதே 10. அவரை நிறுத்துவார்கள், கரி குறையும். கூலியை வெட்டப் போனதில்தான் 1926 பொது வேலைநிறுத்தம் வந்தது. சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, கடைசியில் குறைந்த கூலிக்கே திரும்பினார்கள்.

மற்றது 1972இல் ரொபேர்ட் லூக்காஸ் வளர்த்த விளக்கம். எல்லா விலையும் சேர்ந்து இறங்கும்போது, விற்பவர் தன்ர பொருள் மட்டும்தான் மலிந்தது எண்டு நினைத்து உற்பத்தியைச் சுருக்குவார். உண்மை தெரிந்ததும் அது சரியாகிவிடும். பவுண் மாற்றமோ பாராளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. வேலையின்மை வருடக்கணக்கில் நீடித்தது. அதனால் இங்கே நாங்கள் கூலி விளக்கத்தின் பக்கம்தான். ஜெர்மனியின் ரூர் சுரங்கங்கள் திரும்ப இயங்கியதும் கரி விலையை அடித்தது, அது வேற கணக்கு.