ஏஜென்சி கொள்முதல் ஆய்வுக் குறிப்பு

ஏஜென்சி கொள்முதல் ஆய்வுக் குறிப்பு என்பது, நடந்துகொண்டிருக்கும் சிறு விநியோகத் தொழிலை விலைக்கு வாங்குமுன், வாங்குபவருக்காகக் கணக்காளர் தயாரிக்கும் அறிக்கை. சோப்பு, பிஸ்கட் போன்றவற்றை நிறுவனத்திடம் எடுத்து மளிகைக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சிகள் இந்தியாவில் இப்படிக் கைமாறுவதுண்டு. விற்பவர் சொல்லும் விவரத்தை அவர் கைபடாத வேறொரு சான்று உறுதிப்படுத்தினால், குறிப்பில் அது ‘சரிபார்த்தது’, மற்றவை ‘அனுமானம்’.

விற்பனை

ஒரு கற்பனை ஏஜென்சியை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 45 லட்சம் ரூபாய் என்கிறார் விற்பவர். 12 மாத ஜிஎஸ்டி படிவங்களின் சராசரியோ 38 லட்சம். அவர் சொன்னது வரியும் சேர்ந்த பில் தொகை. எனவே 38 லட்சமே சரிபார்த்த எண். ஆனால் அது பில் போட்டதற்குத்தான் சான்று, கடையில் சரக்கு விற்றதற்கு அல்ல. டார்கெட்டை எட்ட மாதக் கடைசியில் கடைகளில் சரக்கைத் தள்ளியிருக்கலாம். அடுத்த மாதத் தொடக்கத்தில் சரக்கு திரும்பியதற்கான கிரெடிட் நோட்டுகள் குவிந்திருந்தால் அது தெரிந்துவிடும்.

மார்க்கெட் பாக்கி

பேரேட்டின்படி கடைகள் தரவேண்டியது 30 லட்சம். கணக்காளர் லைன் விற்பனையாளருடன் போய்க் கடைக்காரர்களின் நோட்டுடன் ஒப்பிட்டதில் 21 லட்சம் பொருந்தியது. மீதி 9 லட்சத்தில், விற்பனையாளர் வசூலித்து வரவு வைக்காததும் இருக்கலாம், மூடிய கடைகளின் பழைய பாக்கியும் இருக்கலாம். இதை அனுமானம் என்று எழுதி, வசூலாக வசூலாக விற்பவருக்குக் கொடுத்தால் போதும் என்று குறிப்பு பரிந்துரைக்கும்.

ஏஜென்சி உரிமை

விற்பவர் குட்வில்லாக 10 லட்சம் கேட்கிறார். ஆனால் விநியோக உரிமை பெரும்பாலும் நிறுவனம் அவர் பெயருக்குக் கொடுத்தது. ஒப்பந்தப்படி அதை அவரால் பிறருக்கு மாற்றித்தர முடியாது. “கம்பெனியில் பேசிவிட்டேன்” என்பது சான்றாகாது. வாங்குபவர் பெயரில் நியமனக் கடிதம் வரும்வரை அந்த 10 லட்சம் முழுவதும் அனுமானத்தின் மேல் நிற்கிறது. கடிதம் கைக்கு வந்தபின் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுவதே இதற்கு வழி.

பழைய வரி

2017 மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி, தொழில் கைமாறும் நாள்வரையிலான வரிப் பாக்கிக்கு வாங்கியவரும் கூட்டாகப் பொறுப்பாவார். இணையதளத்தில் நிலுவை ஏதும் இல்லை என்பது பார்த்த நாளுக்கு மட்டும் சரிபார்த்தது. பழைய ஆண்டுகளுக்கு நோட்டீஸ் வராது என்பது அனுமானம். அதனால் விலையில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைத்து, நோட்டீஸ் வந்தால் அதிலிருந்து கழித்துக்கொள்ள விற்பவரிடம் எழுதி வாங்குவார்கள்.